சமவுயரக் கோடுகளை வாசிப்பது: சரிவையும் முகட்டையும் பள்ளத்தாக்கையும் வரைபடத்திலேயே கண்டுகொள்ளும் வழி

மலைப்பகுதியின் டோப்போ ஷீட்டை, அதாவது நிலத்தின் மேடுபள்ளங்களைக் காட்டும் வரைபடத்தாளை, முதன்முறை விரிப்பவர்களுக்குப் பழுப்பு நிறக் கோடுகள் நூல்கண்டு அவிழ்ந்து கிடப்பதுபோலத்தான் தெரியும். சாலை, ஆறு, காடு எல்லாம் உடனே புரிந்துவிடும். அந்தப் பழுப்புக் கோடுகளை மட்டும் கண் தாண்டிப் போய்விடும். ஆனால் ஏறப்போகிறவருக்கு வேண்டிய தகவலில் பெரும்பகுதி அந்தக் கோடுகளில்தான் இருக்கிறது.

ஒரே உயரத்தில் உள்ள இடங்களை எல்லாம் இணைத்தால் கிடைப்பது சமவுயரக் கோடு. கடல் மட்டம் 600 மீட்டர் உயர்ந்துவிட்டதாக வைத்துக்கொள்ளுங்கள். அப்போது தண்ணீரின் கரை எங்கே அமையுமோ, அதுதான் 600 மீட்டர் கோடு. அந்தக் கரையோரமாகவே நடந்தால் ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை. கோட்டைக் குறுக்கே தாண்டினால்தான் ஏறுகிறோம், அல்லது இறங்குகிறோம்.

1770-களில் சார்லஸ் ஹட்டன் என்ற கணித அறிஞர் ஸ்காட்லாந்தின் ஷிகாலியன் மலையின் கனஅளவைக் கணக்கிட வேண்டியிருந்தது. அளந்த உயரங்கள் காகிதம் முழுக்க எண்களாகச் சிதறிக் கிடந்தன. ஒரே உயரமுள்ள புள்ளிகளைக் கோட்டால் இணைத்ததும் மலையின் வடிவம் எழுந்து நின்றது. நாம் செய்யப்போவது அதன் மறுபக்கம்: கோடுகளிலிருந்து மலையைத் திரும்ப எழுப்புவது.

முதலில் ஓரத்தைப் படியுங்கள்

வரைபடத்தின் ஓரத்தில் இரண்டு தகவல்கள் இருக்கும். ஒன்று ஸ்கேல், மற்றொன்று கோட்டு இடைவெளி, அதாவது அடுத்தடுத்த இரண்டு கோடுகளுக்கு இடையே எத்தனை மீட்டர் உயர வித்தியாசம் என்பது. இந்த இரண்டும் தெரியாமல் கோடுகளைப் பார்த்து "இது செங்குத்து", "இது சாய்வு" என்று சொல்வதில் அர்த்தமே இல்லை.

இந்தக் கட்டுரை முழுவதும் 1:50,000 ஸ்கேல், 20 மீட்டர் கோட்டு இடைவெளி என்று எடுத்துக்கொள்கிறேன். இந்த ஸ்கேலில் தாளில் 1 மில்லிமீட்டர் என்பது நிலத்தில் 50 மீட்டர். பெரும்பாலான வரைபடங்களில் ஐந்து கோட்டுக்கு ஒன்று தடித்திருக்கும், அதன்மேல் உயரமும் எழுதியிருக்கும். அப்படியானால் ஒரு தடித்த கோட்டிலிருந்து அடுத்த தடித்த கோட்டுக்கு 100 மீட்டர். இந்தத் தடித்த கோடுகள்தான் நமக்கு அடிக்கடி பயன்படும்.

எல்லா வரைபடமும் மீட்டரில் இருக்காது. சில நாடுகளில் அடியில் இருக்கும். 40 அடி இடைவெளியை 40 மீட்டராக எண்ணிக்கொண்டால், இருப்பதைப்போல மூன்று மடங்குக்கும் மேல் பெரிய மலை மனதில் உருவாகிவிடும்.

எந்தப் பக்கம் மேடு?

புதிதாகப் படிக்கிறவர்கள் பள்ளத்தாக்கை முகடென்றும் முகட்டைப் பள்ளத்தாக்கென்றும் மாற்றிப் படிப்பதற்குக் காரணம், இந்தக் கேள்வியைக் கேட்காமல் வடிவத்துக்குத் தாவிவிடுவதுதான். கோட்டின் வளைவு இரண்டுக்கும் ஒன்றுபோலவே இருக்கும். எந்தப் பக்கம் உயரம் என்று தெரிந்தால் மட்டுமே வளைவுக்குப் பொருள் உண்டு.

அருகருகே உள்ள இரண்டு தடித்த கோடுகளின் எண்களைப் பாருங்கள். 700, 800 என்றால் 800 இருக்கும் பக்கம் மேடு. பல வரைபடங்களில் எண்ணின் தலைப்பக்கம் மேட்டைப் பார்க்கும்படி எழுதுவார்கள். ஆனால் எல்லோரும் அந்த வழக்கத்தைப் பின்பற்றுவதில்லை. அதை மட்டும் நம்ப வேண்டாம். எண்ணே கண்ணில் படவில்லை என்றால் நீலக் கோட்டைத் தேடுங்கள். ஓடை இருக்கும் இடம் அதன் இரு பக்கங்களையும்விடத் தாழ்வாகத்தான் இருந்தாக வேண்டும்.

பள்ளத்தாக்கும் முகடும்

ஒரு மலைச்சரிவில், உயரம் மாறாமல் பக்கவாட்டில் நடந்துபோகிறீர்கள். மலை உங்கள் வலது கைப்பக்கம். வழியில் ஓர் ஓடை குறுக்கிடுகிறது. உயரத்தை விட்டுக்கொடுக்காமல் அதைக் கடக்க வேண்டுமானால் மலையின் உட்புறமாக, ஓடையின் மேல்பகுதியை நோக்கித் திரும்பிப் போய், தாண்டி, மறுபடி வெளியே வரவேண்டும். நீங்கள் நடந்த தடம் ஒரு கூர்முனையாக மடிந்திருக்கும், அந்த முனை மேட்டைப் பார்க்கும். பள்ளத்தாக்கில் கோடுகள் ஏன் மேல்நோக்கி மடிகின்றன என்பதற்கு இதுவே விளக்கம்.

இன்னும் கொஞ்சம் நடந்தால் மலையிலிருந்து ஒரு நீட்சி வெளியே துருத்திக்கொண்டு இறங்குகிறது. இதைக் கிளைமுகடு என்று வைத்துக்கொள்வோம். இப்போது உயரம் மாறாமல் போக வேண்டுமானால் வெளிப்புறமாகச் சுற்றிக்கொண்டு போகவேண்டும். தடத்தின் வளைவு பள்ளத்தை நோக்கிப் புடைக்கும். கிளைமுகட்டில் கோடுகள் கீழ்நோக்கி வளைவது இப்படித்தான்.

கூர்மையாக மடிந்தால் பள்ளத்தாக்கு, உருண்டையாக வளைந்தால் முகடு என்று ஒரு குறுக்குவழி சொல்வார்கள். பல இடங்களில் சரியாகவே வரும், ஆனால் நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன். பனியாறு அரித்த பள்ளத்தாக்குகள் அடியில் அகன்று உருண்டையாக இருக்கும். கத்தி விளிம்பு போன்ற பாறை முகடுகளோ கூர்முனையாகத் தெரியும். வளைவின் முனை மேட்டைப் பார்க்கிறதா பள்ளத்தைப் பார்க்கிறதா என்பது மட்டுமே எந்த மலையிலும் மாறாத விதி.

இப்போது பென்சிலை எடுங்கள். போகப்போகும் பகுதியில் மட்டும் வேலை செய்தால் போதும். வரைபடத்தில் உள்ள ஓடைகளின் மேல் நீல நிறத்தில் தடவுங்கள். பிறகு ஒவ்வோர் ஓடையின் மேல்நுனியிலிருந்தும், கோடுகளின் கூர்முனைகளைத் தொட்டபடி அந்த நீலத்தை மேலே நீட்டுங்கள். ஆண்டின் பெரும்பகுதி வறண்டு கிடக்கும் ஓடைப்பள்ளங்களுக்கு வரைபடத்தில் பல சமயம் நீலம் இருக்காது, ஆனால் சமவுயரக் கோடுகள் அங்கும் மடிந்திருக்கும். அதன்பின் வேறு நிறத்தில், பள்ளத்தை நோக்கிப் புடைக்கும் வளைவுகளின் நடுமுனைகளை மேலிருந்து கீழாக இணையுங்கள். அவை முகடுகள்.

வரைந்தது சரியா என்பதை அந்தத் தாளிலேயே சோதிக்கலாம். அடுத்தடுத்த இரண்டு நீலக் கோடுகளுக்கு நடுவே கட்டாயம் ஒரு முகட்டுக் கோடு இருக்கவேண்டும். முகட்டுக் கோடு எங்கேயாவது ஓடையை வெட்டினால் பிழை, திரும்பிப் பாருங்கள். ஓடைகள் கீழே போகப்போக ஒன்றுசேரும். கிளைமுகடுகள் மேலே போகப்போக ஒன்றுசேரும். இந்தக் கடைசி வாக்கியத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், இறங்கும்போது இது வேலைக்கு வரும்.

இரண்டு சிகரங்களுக்கு நடுவே உள்ள தாழ்ந்த இடம் கணவாய். அங்கே இரண்டு பக்கம் நிலம் உயரும், மற்ற இரண்டு பக்கம் தாழும். வரைபடத்தில் இருபுறப் பள்ளத்தாக்குகளின் கோடுகளும் ஒன்றையொன்று நோக்கி மடிந்து வந்து, தொடாமல் நின்றுவிடும். முழுதாக மூடிய வளையங்கள் என்றால் பெரும்பாலும் குன்று அல்லது சிகரம். வளையத்தின் உட்புறம் சிறுசிறு பற்கள்போலக் கீறல்கள் இருந்தால் அது குழி.

கோடுகளை எண்ணும்போது ஒரு பொறி உண்டு. முகட்டின் உச்சியைக் கடக்கும்போதும் பள்ளத்தாக்கின் அடியைக் கடக்கும்போதும் அடுத்தடுத்து வரும் இரண்டு கோடுகள் ஒரே உயரத்தில் இருக்கும். 700-இல் ஏறி, முகட்டைத் தாண்டி, மறுபடி 700-இல் இறங்குகிறீர்கள். யோசிக்காமல் எண்ணிக்கொண்டே போனால் அந்த இரண்டாவது கோட்டை 720 என்று எழுதிவிடுவோம், அதிலிருந்து எல்லாமே தவறிப்போகும். தடித்த கோடு வரும்போதெல்லாம் எண்ணைச் சரிபார்ப்பது இதற்காகத்தான்.

சரிவை அளப்பது

கோடுகள் நெருங்கினால் செங்குத்து, விலகினால் சாய்வு. இது எல்லோருக்கும் தெரியும். எவ்வளவு நெருங்கினால் எவ்வளவு செங்குத்து என்பதுதான் கேள்வி. கணக்கு எளிது: ஏறும் உயரத்தைக் கிடைத்தள தூரத்தால் வகுங்கள். 100 மீட்டர் உயரம், 500 மீட்டர் தூரம் என்றால் 0.2, அதாவது 20 சதவீதம். டிகிரியில் சுமார் 11.

சதவீதத்தையும் டிகிரியையும் குழப்பிக்கொள்ள வேண்டாம். 100 சதவீதச் சரிவு என்றால் செங்குத்துச் சுவர் அல்ல, 45 டிகிரிதான்.

ஒவ்வொரு முறையும் வகுத்துக்கொண்டிருக்காமல், ரூலரால் இரண்டு தடித்த கோடுகளுக்கு இடையே உள்ள தூரத்தை அளப்பது என் வழக்கம். கோடுகளுக்குச் செங்குத்தாக வைத்து அளக்கவேண்டும். சாய்த்து வைத்தால் தூரம் கூடி, சரிவு குறைவாகத் தெரியும். நம் வரைபடத்தில் இந்த இடைவெளி 10 மில்லிமீட்டர் என்றால் 11 டிகிரி, நிம்மதியாக நடக்கலாம். 5 மில்லிமீட்டர் என்றால் 22 டிகிரி, மூச்சு வாங்கும். 3.5 மில்லிமீட்டர் என்றால் 30 டிகிரி. பாதை இல்லாத இடத்தில் கால் வைப்பதற்கே கவனம் வேண்டும், பனி மூடிய மலையானால் பனிச்சரிவு அபாயத்தை எண்ணிப் பார்க்கவேண்டிய கோணமும் இதிலிருந்துதான் தொடங்குகிறது. 2 மில்லிமீட்டர் என்றால் 45 டிகிரி. நடக்கிறவருக்கு அது வழியே அல்ல.

1:25,000 ஸ்கேலில் 10 மீட்டர் இடைவெளி கொண்ட வரைபடத்தில் ஸ்கேலின் எண்ணும் இடைவெளியும் சேர்ந்தே பாதியாகிவிடுவதால், கோடுகளின் நெருக்கம் நம் வரைபடத்தில் தெரிவதுபோலவே இருக்கும். ஆனால் 1:25,000 ஸ்கேலில் 20 மீட்டர் இடைவெளி வைத்திருந்தால் கதை மாறிவிடும். அடுத்தடுத்த கோடுகள் 1 மில்லிமீட்டர் விலகியிருந்தால் நம் வரைபடத்தில் 22 டிகிரி. அங்கே கிட்டத்தட்ட 39 டிகிரி. பழகிய கண்ணும் ஏமாறும் இடம் இது.

ஒரு வழியைப் படித்துப் பார்ப்போம்

கற்பனையான ஓர் இடம். இரண்டு ஓடைகள் சேரும் இடத்துக்குச் சற்றுக் கீழே ஒரு பாலம். அது 640, 660 கோடுகளுக்கு நடுவே இருக்கிறது, எனவே உயரம் சுமார் 650 மீட்டர். போகவேண்டியது 1187 மீட்டர், 1124 மீட்டர் உயரமுள்ள இரண்டு சிகரங்களுக்கு இடைப்பட்ட கணவாய். அதன் இருபுறப் பள்ளத்தாக்குகளிலிருந்தும் 960 கோடுகள் அதை நோக்கி மடிந்து வந்து நிற்கின்றன. இரு சிகரங்களின் பக்கமும் 980 கோடுகள் தொடங்குகின்றன. ஆக, கணவாய் சுமார் 970 மீட்டர். ஏறவேண்டியது 320 மீட்டர்.

வலப்பக்க ஓடை நேராகக் கணவாய்க்குக் கீழே போய் முடிகிறது. தாளில் அதன் நீளம், கணவாய் வரை, 26 மில்லிமீட்டர். நிலத்தில் 1300 மீட்டர். 320-ஐ 1300-ஆல் வகுத்தால் சுமார் 25 சதவீதம், 14 டிகிரி. இங்கேயே நிறுத்திவிட்டால் ஓடைவழி அருமையாகத் தோன்றும்.

அதைத் துண்டு போட்டுப் பாருங்கள். முதல் 16 மில்லிமீட்டரில், அதாவது 800 மீட்டரில், 760 கோடு வரை 110 மீட்டர் ஏற்றம். வெறும் 8 டிகிரி. கடைசி 8 மில்லிமீட்டரில் 860-லிருந்து 970 வரை இன்னொரு 110 மீட்டர், 15 டிகிரி. நடுவில் மிஞ்சுவது 2 மில்லிமீட்டர். அந்த 2 மில்லிமீட்டருக்குள் 760-லிருந்து 860 வரை 100 மீட்டர் ஏற்றம் அடைந்து கிடக்கிறது. 100 மீட்டர் தூரத்தில் 100 மீட்டர் உயரம்: 45 டிகிரி, அதுவும் ஓடைப்படுகையில். வரைபடத்தில் அருவி என்று எழுதியிருக்காது. ஆனால் ஓடை இப்படி விழும் இடத்தில் பாறைப்படிகளையும் அருவியையும் எதிர்பார்ப்பதே புத்திசாலித்தனம். ஓடையின் இரு கரைகளிலும் கோடுகள் அதே நெருக்கத்தில் இருப்பதால் சுற்றிக்கொண்டு போகவும் இடமில்லை. 14 டிகிரி என்ற சராசரி இவ்வளவையும் மறைத்துவிட்டது.

இப்போது இரண்டு ஓடைகளுக்கும் நடுவே இறங்கும் கிளைமுகடு. அதன் மூக்கு ஓடைகள் சேரும் இடத்தில் முடிகிறது. அடிவாரத்தில் கோடுகள் நெருக்கம்: 4 மில்லிமீட்டரில் 650-லிருந்து 730 வரை, 200 மீட்டர் தூரத்தில் 80 மீட்டர், 22 டிகிரி. அதற்குமேல் கோடுகள் சீராக விரிகின்றன: 28 மில்லிமீட்டரில் 280 மீட்டர், 11 டிகிரி. எங்கேயும் இறுக்கம் இல்லை. இந்தக் கிளைமுகடு கணவாயில் போய்ச் சேராமல், அதற்குப் பக்கத்தில், இரு சிகரங்களையும் இணைக்கும் தலைமுகட்டை 1010 மீட்டரில் தொடுகிறது. அங்கிருந்து முகட்டின்மேல் 300 மீட்டர் நடந்து, 40 மீட்டர் இறங்கினால் கணவாய்.

ஆக இந்த வழியில் 600 மீட்டர் கூடுதல் நடை, 40 மீட்டர் கூடுதல் ஏற்றம். நான் தயங்காமல் கிளைமுகட்டைத்தான் எடுப்பேன். ஏற்றத்தின் கடினமான பகுதி தொடக்கத்திலேயே, கால் ஓயாத நேரத்தில் முடிந்துவிடுகிறது. அது முடியவில்லை என்றாலும் பாலம் 200 மீட்டரில் இருக்கிறது, திரும்பிவிடலாம். ஓடைவழியிலோ 800 மீட்டர் போனபிறகுதான் சுவர் எதிர்ப்படும்.

அதே கிளைமுகட்டில் திரும்பி இறங்குவது வேறு விஷயம். கிளைமுகடுகள் மேலே போகப்போகச் சேரும் என்றேனே. இறங்கும்போது அவை பிரிகின்றன. நம் வரைபடத்தில் 860 கோட்டில் ஒரு சிறு மடிப்பு மேட்டை நோக்கி உள்ளே நுழைகிறது. அது 860, 840, 820 என்று கீழே போகப்போக ஆழமாகிறது. அதாவது 880-க்குக் கீழே கிளைமுகடு இரண்டாகப் பிளக்கிறது. ஒன்று பாலத்துக்குப் போகும். மற்றொன்று அந்த 45 டிகிரி ஓடைப்பகுதியின் விளிம்பில் கொண்டுபோய் விடும். ஏறும்போது இந்தப் பிரிவு தெரியவே தெரியாது. மூடுபனியில் இறங்கினால் இங்கேதான் வழி தவறும். எனவே புறப்படும் முன்பே அந்த இடத்தில் பென்சிலால் ஒரு வட்டம் போட்டு, அங்கிருந்து பாலத்தை நோக்கிய திசையைக் காம்பஸ் கோணமாக எழுதிவைத்துக்கொள்ளுங்கள்.

சரிவின் போக்கையும் ஒரு பார்வை பாருங்கள். மேலே கோடுகள் அகன்று, கீழே நெருங்கினால் சரிவு வெளிப்புறமாகப் புடைத்திருக்கிறது. நம் கிளைமுகட்டின் மூக்கு அப்படித்தான். மேலிருந்து பார்த்தால் அடிவாரம் கண்ணில் படாது, ஒவ்வோர் அடியும் செங்குத்தாகிக்கொண்டே போகும். மேலே நெருங்கிக் கீழே அகன்றால் அது உட்குழிந்த சரிவு; முழு வழியும் மேலிருந்தே தெரியும்.

கோடுகள் சொல்லாதவை

20 மீட்டர் இடைவெளி கொண்ட வரைபடத்தில் 15 மீட்டர் உயரமுள்ள பாறைச்சுவர் இரண்டு கோடுகளுக்கு நடுவே ஒளிந்துகொள்ளும். மேல் விளிம்பு 798-லும் அடி 783-லும் இருந்தால் எந்தக் கோடும் அதைத் தொடாது. பாறைக்குத் தனிக் குறியீடு போட்டிருந்தால் தப்பித்தோம், இல்லையென்றால் அங்கே போய்த்தான் தெரிந்துகொள்ளவேண்டும். கோடுகள் சீராக விரிந்திருப்பது, அங்கே இரண்டு கோடுகளையாவது வெட்டும் பெரிய தடை இருக்க வாய்ப்பு குறைவு என்பதற்கு மட்டுமே உத்தரவாதம்.

கைபேசிச் செயலிகளில் இரண்டு சிக்கல்கள் சேர்ந்துகொள்கின்றன. பெரிதாக்கும்போதும் சிறிதாக்கும்போதும் பல செயலிகள் கோட்டு இடைவெளியைத் தாமாகவே மாற்றிவிடும். பெரிதாக்கியதும் கோடுகள் நெருங்கினால் சரிவு கூடிவிட்டதாக அர்த்தமில்லை. 50 மீட்டர் இடைவெளி 10 மீட்டராகியிருக்கலாம். கோட்டின்மேல் உள்ள எண்களை ஒவ்வொரு முறையும் பாருங்கள்.

இரண்டாவது சிக்கல் தரவில். OpenTopoMap போன்ற இலவச வரைபடங்களின் கோடுகள் 2000-ஆம் ஆண்டு பிப்ரவரியில் எண்டெவர் விண்கலத்திலிருந்து ரேடார் மூலம் எடுத்த SRTM உயரத் தரவிலிருந்து கணினி வரைந்தவை. அந்தத் தரவில் உயரம் மிக நுணுக்கமாகப் பார்த்தாலும் சுமார் 30 மீட்டருக்கு ஒரு புள்ளி. குறுகிய ஓடைப்பிளவுகள் நிரவப்பட்டுவிடும், பாறைச்சுவர்கள் சரிவுகளாக மழுங்கிவிடும். அடர்ந்த காட்டில் ரேடார் முழுமையாகத் தரையைத் தொடாததால் உயரம் மரத்தலைப் பக்கம் இழுக்கப்பட்டிருக்கும். எனவே அத்தகைய வரைபடத்தில் 35 டிகிரி என்று கணக்கு வந்தால், உண்மையில் அதைவிட மோசமாக இருக்கலாம் என்றே எடுத்துக்கொள்ளுங்கள். நீலக் கோடு சமவுயரக் கோடுகளின் மடிப்பில் விழாமல் பக்கத்துச் சரிவில் ஏறி இறங்குவதாகத் தெரிந்தால், ஓடையும் உயரமும் வெவ்வேறு இடங்களிலிருந்து வந்து ஒன்றோடொன்று பொருந்தவில்லை என்று அர்த்தம். அந்தப் பகுதிக்கு மட்டுமாவது அரசு நில அளவைத் துறை வெளியிட்ட தாளைப் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுவிட்டு வழியை முடிவு செய்யுங்கள்.